டம்ப் படித்து சிசிஎன்ஏ எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெட்வொர்க் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. சிலர் வெளிப்படையாகக் கேட்கிறார்கள், சிலர் 'என் நண்பன் ஒருவன்' என்று ஆரம்பிக்கிறார்கள். சிஸ்கோவின் சிசிஎன்ஏ தேர்வை (எண் 200-301) வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன், ஏனென்றால் எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான். மற்ற நிறுவனங்களின் சான்றிதழ்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

டம்ப், மாதிரி வினா இரண்டும் எனக்கு ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. என்ன வித்தியாசம்?

வினா எங்கிருந்து வந்தது என்பதுதான் வித்தியாசம். பாடம் தெரிந்த ஒருவர் தானே யோசித்து எழுதியது மாதிரி வினா. தேர்வு எழுதிய யாரோ மனப்பாடமாகவோ படம் பிடித்தோ வெளியே கொண்டுவந்தது டம்ப். இரண்டிலும் நான்கு விடைகள் இருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பார்வைக்கு ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் விற்கிறவர்களே தங்களைக் காட்டிக்கொடுத்துவிடுவார்கள். 'உண்மையான தேர்வு வினாக்கள்', 'நூறு சதவீதம் பாஸ், இல்லையென்றால் பணம் திருப்பித் தரப்படும்', 'போன வாரம் புதுப்பிக்கப்பட்டது' என்று போட்டிருப்பார்கள். கீழே நாலைந்து பேர் 'இன்னும் செல்லுபடியாகிறது, நேற்று பாஸ் செய்தேன்' என்று எழுதியிருப்பார்கள். பாடத்திட்டம் ஒவ்வொரு வாரமும் மாறுவதில்லை. நல்ல மாதிரி வினாத் தொகுப்பை வாரந்தோறும் புதுப்பிக்க என்ன அவசியம்? தேர்வறையிலிருந்து புதுச்சரக்கு வந்தால்தான் அந்த அவசியம்.

பத்தாம் வகுப்பிலிருந்து டிஎன்பிஎஸ்சி வரை பழைய வினாத்தாளை வைத்துத்தான் படித்தோம். இது மட்டும் எப்படித் தவறாகும்?

நியாயமான கேள்வி. நம் ஊரில் டம்ப் படிக்கிற பலர் திருட்டு எண்ணத்தோடு தொடங்குவதில்லை, இந்தப் பழக்கத்தில்தான் தொடங்குகிறார்கள்.

பொதுத்தேர்வில் ஒரு வினாத்தாள் ஒருநாள் மட்டுமே உயிரோடு இருக்கும். எல்லோரும் ஒரே காலையில் எழுதுகிறார்கள். மணி அடித்ததும் அந்தத் தாளின் ரகசியம் முடிந்துவிடுகிறது. மாணவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள், மறுநாள் செய்தித்தாளில் விடைக்குறிப்பு வருகிறது. அடுத்த ஆண்டு வேறு தாள்.

சிசிஎன்ஏ போன்ற தேர்வில் 'ஒருநாள்' என்பதே கிடையாது. இன்று சென்னையில் ஒருவர் எழுதுகிறார், நாளை மறுநாள் நைரோபியில் ஒருவர் எழுதுகிறார். இருவருக்கும் ஒரே வினா வங்கியிலிருந்துதான் வினாக்கள் எடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு வினாவும் நெடுநாள் உழைக்க வேண்டும். அதனால் வினாவை எழுதிய உடனே மதிப்பெண்ணுக்கு விடுவது வழக்கமில்லை. முதலில் மதிப்பெண் இல்லாத வினாவாக உண்மைத் தேர்வுக்குள் கலந்து, எத்தனை பேர் சரியாக விடையளிக்கிறார்கள், பாடம் தெரிந்தவரையும் தெரியாதவரையும் அது பிரித்துக் காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். அமேசானின் ஏடபிள்யூஎஸ் இதை வெளிப்படையாகவே சொல்கிறது: சொல்யூஷன்ஸ் ஆர்க்கிடெக்ட் அசோசியேட் தேர்வின் 65 வினாக்களில் 15 வினாக்களுக்கு மதிப்பெண் இல்லை, எந்தப் பதினைந்து என்று உங்களுக்குத் தெரியாது.

ஆக, அந்த வினா காய்கறிக் கடைத் தராசின் எடைக்கல் மாதிரி. பழைய பொதுத்தேர்வுத் தாளைப் படிப்பது, போன வருடத்து ரசீதைப் பார்ப்பது. டம்ப் படிப்பது, இன்றும் புழக்கத்தில் இருக்கும் எடைக்கல்லைச் சுரண்டுவது.

தேர்வறையில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன், எதையும் கொண்டுபோகவில்லை. டம்ப் படித்தேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அறையில் உங்களைப் பிடிக்க மாட்டார்கள். நீங்கள் விட்டுச்சென்ற தரவில்தான் பிடிப்பார்கள்.

கணினித் தேர்வு, நீங்கள் எந்த விடையைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை மட்டுமல்ல, ஒவ்வொரு வினாவிலும் எத்தனை விநாடி இருந்தீர்கள் என்பதையும் பதிவு செய்கிறது. சிஸ்கோ தேர்வில் ஒரு வினாவைக் கடந்துவிட்டால் திரும்பிப் போக முடியாது, எனவே அந்த நேரக் கணக்கு இன்னும் சுத்தமாகக் கிடைக்கும்.

இரண்டு பேரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் போட்டவை. தேர்வில் 100 வினாக்கள். அவற்றில் 65 பழையவை, ஏற்கெனவே டம்ப் தளங்களில் உலவுகின்றன. மீதி 35 புதியவை, எங்கும் கசியவில்லை. முதலாமவர் பழையவற்றில் 51, புதியவற்றில் 25 சரியாக எழுதுகிறார். மொத்தம் 76. இரண்டாமவர் பழையவற்றில் 62, புதியவற்றில் 14. அவருக்கும் மொத்தம் 76. மதிப்பெண் அட்டையில் இருவரும் சமம்.

உள்ளே பார்த்தால் கதை வேறு. முதலாமவர் பழைய வினாக்களில் 78 சதவீதம், புதியவற்றில் 71 சதவீதம். பாடம் தெரிந்தவருக்கு வினா பழையதா புதியதா என்பது பொருட்டே இல்லை, இரண்டும் அருகருகே இருக்கும். இரண்டாமவர் பழையவற்றில் 95 சதவீதம், புதியவற்றில் 40 சதவீதம். நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். முதலாமவர் எல்லா வினாக்களிலும் ஏறத்தாழ 65 விநாடி இருந்தார். இரண்டாமவர் பழைய வினாவைப் பத்தே விநாடியில் முடித்தார், புதிய வினாவில் ஒன்றரை நிமிடம் தவித்தார். படமும் கட்டளை வெளியீடும் உள்ள ஒரு வினாவைப் பத்து விநாடியில் வாசித்து முடிக்கவே முடியாது. அவர் வாசிக்கவில்லை, முகத்தைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்.

இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் சுவாரசியமானது. டம்ப் தொகுப்புகளில் பல விடைகள் தவறானவை. ஒரே தொகுப்பைப் படித்த நூறு பேரும் அதே இருபது வினாக்களில் அதே தவறான விடையைத் தேர்ந்தெடுப்பார்கள். சரியான விடையில் ஒற்றுமை இருந்தால் அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, சரியான விடை ஒன்றுதானே. தவறான விடையில் இத்தனை ஒற்றுமை தற்செயலாக வராது. காப்பியடித்த மாணவனை நம் வாத்தியார்கள் பிடித்த முறையும் இதுதான்: அடுத்தவனின் எழுத்துப் பிழையும் இவன் தாளில் இருக்கும். தேர்வுப் பாதுகாப்புத் துறையில், வேண்டுமென்றே தவறான விடையோடு கசியவிடும் வினாவுக்கு 'டிரோஜன் குதிரை' என்றே பெயர். எந்த நிறுவனம் எந்த முறையை எந்த அளவில் கையாளுகிறது என்பதை வெளியே சொல்வதில்லை. சொல்லாமல் இருப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

அதையெல்லாம் விடுங்கள். வினா அப்படியே வந்தால் விடை சரிதானே? எப்படிப் படித்தால் என்ன?

'அப்படியே வந்தால்' என்ற சொல்லில்தான் சிக்கல். ஒரு வினாவை வைத்தே பார்த்துவிடலாம். இது நான் எழுதியது. ஒரு ரூட்டரில் `show ip route` கொடுத்தால் இப்படி வருகிறது, தேவையான வரிகள் மட்டும்:

```
     10.0.0.0/8 is variably subnetted, 4 subnets, 4 masks
S       10.1.0.0/16 [1/0] via 192.168.1.1
R       10.1.1.0/24 [120/1] via 192.168.1.2
D       10.1.1.0/25 [90/30720] via 192.168.1.3
O       10.1.1.128/26 [110/2] via 192.168.1.4
```

10.1.1.130 என்ற முகவரிக்குப் போகும் பாக்கெட் எந்த வழியில் போகும்? O என்று தொடங்கும் கடைசி வரியில், அதாவது ஓஎஸ்பிஎஃப் என்ற வழிமுறை சொன்ன வழியில். /26 என்பது 64 முகவரிகள், அதாவது 128 முதல் 191 வரை. 130 அதற்குள் வருகிறது. பொருந்தும் வழிகளில் மிக நீளமான முன்னொட்டு, அதாவது சாய்கோட்டுக்குப் பின் மிகப் பெரிய எண், உள்ளதையே ரூட்டர் எடுக்கும். டம்ப் படித்தவர் மனதில் பதிவது: 'இந்தப் படம், விடை ஓஎஸ்பிஎஃப்.'

இப்போது வினா எழுதியவர் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு 130-ஐ 200 என்று மாற்றுகிறார். 200 அந்த /26-க்கு வெளியே இருக்கிறது. மூன்றாம் வரியின் /25, 0 முதல் 127 வரை மட்டுமே, அதுவும் பொருந்தாது. மிஞ்சுவது /24-உம் /16-உம். நீளமானது /24, எனவே பாக்கெட் R வரியான ரிப் வழியாக 192.168.1.2-க்குப் போகும். அட்டவணையிலேயே அதிகமான, அதாவது மிகக் குறைந்த நம்பகத்தன்மையைக் குறிக்கும் 120 என்ற எண்ணைக் கொண்ட வழி அது. அரைகுறையாகப் படித்தவர் 'ஸ்டாட்டிக்கின் எண் 1, அதுதான் ஜெயிக்கும்' என்பார். அதுவும் தவறு. அடைப்புக்குறிக்குள் இருக்கும் முதல் எண், அதாவது நம்பக எண், ஒரே நெட்வொர்க்கை ஒரே மாஸ்க்கோடு இரண்டு வழிமுறைகள் சொல்லும்போது, எதை அட்டவணையில் ஏற்றுவது என்று முடிவெடுக்கத்தான். ஏறிய பிறகு போட்டி முன்னொட்டின் நீளத்தில் மட்டுமே.

ஒற்றை எண்ணை மாற்றினால் போதும், மனப்பாடம் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். நேர்முகத் தேர்வுகளில் நான் கேட்கும் வினா இதுதான், காகிதத்தில் எழுதிக் கொடுப்பேன். ஒருமுறை சான்றிதழோடு வந்த ஓர் இளைஞர், நான் பேனாவை மூடுவதற்குள் 'ஓஎஸ்பிஎஃப் சார்' என்றார். '200 எந்த சப்நெட்டில் இருக்கிறது?' என்று கேட்டேன். காகிதத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு 'கால்குலேட்டர் இருக்கிறதா சார்?' என்றார்.

பாஸ் செய்து ஓராண்டு ஆகிவிட்டது. சான்றிதழ் கையில் இருக்கிறது. இனிமேல் என்ன செய்துவிட முடியும்?

ரத்து செய்ய முடியும். 'பாஸ்' என்று திரையில் வந்தவுடன் ஆய்வு முடிந்துவிடுவதில்லை. மேலே சொன்ன ஒப்பீட்டுக்குப் பலரின் விடைகள் சேர வேண்டும், ஒரு கசிவு கண்டுபிடிக்கப்பட வேண்டும். அதனால் நடவடிக்கை தாமதமாக வருவது இயல்பு.

தேர்வு தொடங்குமுன் திரையில் நீளமான ஓர் ஒப்பந்தம் வந்ததே, நினைவிருக்கிறதா? ஒப்புக்கொள்ளாவிட்டால் தேர்வே தொடங்காது, கட்டிய பணமும் போய்விடும். எல்லோரும் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் அதில்தான் எல்லாம் இருக்கிறது. வினாக்களை வெளியிடக் கூடாது, அனுமதியில்லாமல் வெளியானவற்றைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் மதிப்பெண்ணைச் செல்லாததாக்கலாம், சான்றிதழைப் பறிக்கலாம், தேர்வு எழுதத் தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ தடை விதிக்கலாம். கட்டணம் திரும்பக் கிடைக்காது.

பலர் கவனிக்காதது என்னவென்றால், சான்றிதழ்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக இல்லை. எல்லாம் உங்கள் ஒரே சிஸ்கோ அடையாள எண்ணில் தொங்குகின்றன. தடை விழுவது அந்த எண்ணின் மீது, அதாவது உங்கள் மீது. நேர்மையாகப் படித்து வாங்கிய இன்னொரு சான்றிதழும் அதே கயிற்றில்தான் இருக்கிறது. பறிக்கப்பட்டால் சரிபார்ப்புப் பக்கமும் உண்மையைச் சொல்லிவிடும். வேலை கொடுத்தவர் பின்னணிச் சோதனைக்காக அந்த இணைப்பைத் தட்டும்போது, சுவரில் மாட்டியிருக்கும் சட்டமிட்ட காகிதம் உதவாது. சிஸ்கோவின் கூட்டாளி நிறுவனங்களில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சங்கடம்: குறிப்பிட்ட எண்ணிக்கையில் சான்றிதழ் பெற்றவர்கள் இருந்தால்தான் அந்நிறுவனங்களின் தகுதிநிலை நிற்கும். உங்கள் சான்றிதழ் போனால் அவர்கள் கணக்கில் ஒன்று குறையும்.

இதெல்லாம் பயமுறுத்தல்தானே? உண்மையில் யாராவது மாட்டியிருக்கிறார்களா?

மூன்று சம்பவங்கள் சொல்கிறேன், மூன்றும் அமெரிக்காவில் நடந்தவை.

முதலாவது, விற்றவருக்கு நேர்ந்தது. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஒருவர் மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்த் தேர்வு வினாக்களை இணையத்தில் விற்றார். வணிக ரகசியத் திருட்டு என்று வழக்கு. 2002இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை கிடைத்தது.

இரண்டாவது, வாங்கியவர்களுக்கு நேர்ந்தது. 2008இல், எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வின் நடப்பு வினாக்களைக் காசுக்குக் கொடுத்த ஒரு தளத்தின் மீது தேர்வு நடத்தும் அமைப்பு வழக்குப் போட்டு வென்றது. தளம் நடத்தியவரின் கணினி வன்தட்டு அவர்கள் கைக்கு வந்தது. அதை அலசி 84 பேரின் மதிப்பெண்களை ரத்து செய்தார்கள். இங்கே புள்ளியியலே தேவைப்படவில்லை. டம்ப் தளத்தில் உங்கள் பெயரில் கணக்குத் தொடங்கி உங்கள் அட்டையில் பணம் கட்டினால், உங்களுக்கு எதிரான சாட்சியத்தை நீங்களே கட்டணம் செலுத்திப் பாதுகாத்து வைக்கிறீர்கள்.

மூன்றாவது மருத்துவர்களுடையது. 2010இல் அமெரிக்க உள்மருத்துவ வாரியம் 139 மருத்துவர்கள் மீது நடவடிக்கை எடுத்தது. ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியவர், தேர்வு எழுதியவர்களிடம் வினாக்களைக் கேட்டுப் பெற்று அடுத்த அணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். வினாக்களைக் கொடுத்தவர்களும் கேட்டவர்களும் அதில் அகப்பட்டார்கள்.

நானாகத் தேடவில்லை. பயிற்சி மையத்திலேயே 'இதை மட்டும் படி, போதும்' என்று ஒரு பிடிஎஃப் கொடுத்தார்கள். என் தவறா?

ஒப்பந்தத்தில் 'ஏற்கிறேன்' என்று அழுத்துவது நீங்கள். மையம் அல்ல. மையத்துக்குக் கட்டணம் வந்துவிட்டது, சுவரில் ஒட்ட உங்கள் புகைப்படமும் கிடைத்துவிட்டது. பறிபோவது உங்கள் சான்றிதழ்.

அந்தப் பிடிஎஃப்பைத் திறந்து பாருங்கள். விடைக்குக் கீழே விளக்கம் இருக்கிறதா, மற்ற மூன்று விடைகள் ஏன் தவறு என்று எழுதியிருக்கிறதா? எழுதியவர் பெயர் இருக்கிறதா? வினா எண் 400, 500 என்று பாடவரிசை இல்லாமல் ஓடுகிறதா? தலைப்பில் தேர்வு எண்ணும் ஒரு தேதியும் மட்டும் இருக்கிறதா? கோப்பின் பெயர் `.vce` என்று முடிந்தால் கேட்கவே வேண்டாம், அது பெரும்பாலும் டம்ப்தான். அதைத் திறக்க யாரோ கொடுத்த மென்பொருளை நிறுவச் சொன்னால், கணினிப் பாதுகாப்பும் பாடத்தில் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மையத்திடம் நேராகக் கேளுங்கள்: 'இந்த வினாக்களை எழுதியது யார்?' பதிலைவிட முகம் அதிகம் சொல்லும்.

எழுதிவிட்டு வெளியே வந்ததும் நண்பர்கள் 'என்ன வந்தது?' என்று கேட்கிறார்கள். ஒன்றுமே சொல்லக் கூடாதா?

பாடத்திட்டத்தில் இருப்பதைச் சொல்லலாம், ஏனென்றால் அது ஏற்கெனவே பொதுவில் இருக்கிறது. 'சப்நெட்டிங் கை வேகமாக வர வேண்டும், நேரம் போதவில்லை' என்றால் குற்றமில்லை. 'நான்கு ரூட்டர் உள்ள ஒரு படம் வந்தது, அதில் மூன்றாவது விடை' என்று சொன்னால் நீங்களும் டம்ப் தயாரிப்பவர்தான், விலை மட்டும் வைக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் எழுதியது அங்கேயே நிற்பதும் இல்லை. டெலிகிராமில் விற்கப்படும் தொகுப்புகளின் மூலப்பொருள் இப்படி நல்ல மனதோடு எழுதப்பட்ட செய்திகள்தான்.

சரி, டம்ப் வேண்டாம். வேலைக்குப் போய்க்கொண்டு மூன்று மாதத்தில் எப்படித்தான் படிப்பது?

முதலில், சிஸ்கோ இலவசமாக வெளியிட்டிருக்கும் தேர்வுத் தலைப்புகள் பட்டியல். சில பக்கங்கள்தான். ஆறு பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் சதவீதம் போட்டிருக்கும். ஐபி இணைப்பு என்ற பிரிவுக்கு 25 சதவீதம், அதுதான் பெரியது. தானியங்கு முறைகளுக்கு 10 சதவீதம்.

பலர் இதைப் பாடப் பெயர்களின் பட்டியலாகப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். ஒவ்வொரு வரியும் எந்த வினைச்சொல்லில் தொடங்குகிறது என்று பாருங்கள். `Configure and verify` என்று தொடங்கினால் கட்டளை அடித்துச் செய்து காட்டும் அளவுக்குத் தெரிய வேண்டும், ஒற்றைப் பகுதி ஓஎஸ்பிஎஃப் அப்படிப்பட்டது. `Describe` என்றால் எதற்கு, எப்படி என்று சொல்லத் தெரிந்தால் போதும். `Recognize` என்றால் பார்த்தால் அடையாளம் தெரிந்தால் போதும், அன்சிபிள் என்ற தானியங்குக் கருவி அப்படிப்பட்டது. அன்சிபிளை மூன்று வாரம் நோண்டிவிட்டு ஓஎஸ்பிஎஃப்பை ஒரு மாலையில் முடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வினைச்சொல்லைப் படித்திருந்தால் தலைகீழாகச் செய்திருப்பார்கள். மேலே நாம் பார்த்த ரூட்டிங் வினாவும் பட்டியலில் 3.2 என்ற வரியில் அப்படியே இருக்கிறது: நீள முன்னொட்டு, நம்பக எண், மெட்ரிக் என்று மூன்று உட்தலைப்புகள். திருட வேண்டிய அவசியமே இல்லாத ரகசியம்.

அடுத்தது கைவேலை. பாக்கெட் டிரேசர் என்ற மென்பொருளை சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் பதிவு செய்து இலவசமாகப் பெறலாம். சாதாரண மடிக்கணினியில் ஓடும், சிசிஎன்ஏவுக்குப் போதும். உண்மையான இயங்குதளத்திலேயே பழக வேண்டும் என்றால் சிஸ்கோ மாடலிங் லேப்ஸ் மென்பொருளின் இலவசப் பதிப்பு இருக்கிறது, ஐந்து சாதனங்கள் வரை இணைக்கலாம். வேறு செயலிகளுக்காக சிஸ்கோவின் இயங்குதளக் கோப்புகளை எங்கிருந்தோ இறக்காதீர்கள், அது டம்ப்பின் பங்காளி.

செய்முறையில் ஒரு பழக்கம் சொல்கிறேன், எனக்குப் பயன்பட்டது. இரண்டு ரூட்டரை இணைத்து ஓஎஸ்பிஎஃப் ஓடவிடுங்கள். `show ip ospf neighbor` கொடுத்தால் `FULL` என்று வரும். இங்கே நிறுத்தினால் கற்றது பாதிதான். இப்போது நீங்களே கெடுங்கள். ஒரு பக்கம் ஏரியா எண்ணை 0-இலிருந்து 1 ஆக்குங்கள். அண்டை ரூட்டர் காணாமல் போகும். சரிசெய்யுங்கள். பிறகு ஒரு பக்கம் மட்டும் ஹலோ நேரத்தை 10 விநாடியிலிருந்து 5 ஆக்குங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடி காணாமல் போகும். பிறகு அந்த இடைமுகத்தைப் பாசிவ் ஆக்குங்கள். மூன்று முறையும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான்: பட்டியல் காலி. மூன்றையும் எந்தக் கட்டளையால் பிரித்தறிவது? `show ip ospf interface` வெளியீட்டில் ஏரியா எண்ணும், ஹலோ நேரமும், பாசிவா இல்லையா என்பதும் மூன்று வெவ்வேறு இடங்களில் எழுதியிருக்கும். அந்த மூன்று இடங்களைக் கண் தானாகத் தேடிப் போகும் நிலை வந்தால், இந்தத் தலைப்பில் எந்த வினாவும் உங்களுக்குப் பழைய வினாதான்.

பயிற்சி வினாக்களே வேண்டாமா? தேர்வுக்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டுமே.

கட்டாயம் வேண்டும். சிஸ்கோ பிரஸ் வெளியிடும் நூலோடு பயிற்சித் தேர்வுகள் வருகின்றன, ஆசிரியர் பெயர் உண்டு, விளக்கம் உண்டு. மைக்ரோசாஃப்ட், ஏடபிள்யூஎஸ் தேர்வுகளுக்கு அந்தந்த நிறுவனங்களே இலவசப் பயிற்சி வினாக்களைத் தங்கள் தளத்தில் வைத்திருக்கின்றன.

படித்தவர்களையும் ஏமாற்றும் ஒருவகைத் தளம் உண்டு. வினாக்கள் இலவசம், கீழே பயனர்கள் விவாதித்து 'சரியான விடை சி' என்று வாக்களிப்பார்கள். 78 சதவீதம் பேர் சி, 22 சதவீதம் பேர் பி. விவாதம் ஆரோக்கியமாகத் தெரியும், சில சமயம் நல்ல விளக்கமும் இருக்கும். ஆனால் யோசியுங்கள்: தானே எழுதிய வினாவுக்கு விடை எது என்று எந்த ஆசிரியராவது வாக்கெடுப்பு நடத்துவாரா? விடை தெரியாமல் வினா மட்டும் கையில் இருக்கிறது என்றால் அது எங்கிருந்து வந்தது என்பது தெளிவு.

நல்ல பயிற்சித் தேர்வையும் டம்ப் மாதிரி ஆக்கிவிட முடியும். ஒரே தொகுப்பை ஐந்து முறை போட்டு 98 சதவீதம் வாங்கினால் அது உங்கள் நினைவாற்றலின் மதிப்பெண். முதல் முறை வாங்கிய மதிப்பெண்ணை மட்டும் நம்புங்கள். தவறிய வினாவை ஒரு நோட்டில் எழுதாதீர்கள், தவறிய காரணத்தை எழுதுங்கள்: '/26 எங்கே முடிகிறது என்று கணக்கிடாமல் விட்டேன்.'

கட்டணமே 300 டாலர், வரி வேறு. தோற்றால் யார் கொடுப்பார்கள்? அந்தப் பயத்தில்தான் டம்ப் பக்கம் போகிறோம்.

இந்தப் பயம் உண்மையானது, அதைக் கேலி செய்ய மாட்டேன். ஒரு புதியவரின் மாதச் சம்பளத்தில் அது பெரும்பங்கு.

கணக்கை முழுதாகப் போடுங்கள் என்றுதான் சொல்வேன். நேர்மையாக எழுதித் தோற்றால் இழப்பு 300 டாலர். சிஸ்கோ விதிப்படி ஐந்து நாள் கழித்து மறுபடி எழுதலாம். மதிப்பெண் அறிக்கையில் எந்தப் பிரிவில் எத்தனை சதவீதம் என்று இருக்கும், அதாவது அடுத்த முறைக்கு என்ன படிக்க வேண்டும் என்று தெரியும். டம்ப்பில் எழுதி ரத்தானால் அதே 300 டாலர் போகும், தடைக்காலம் முடியும்வரை மறுபடி எழுதவும் முடியாது. நிறுவனம் கட்டணம் கொடுக்குமா, கூட்டாளி நிறுவனமா, அகாடமி வகுப்பு முடித்தால் தள்ளுபடிச் சீட்டு கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். கேட்காமலே கைக்காசு போடுகிறவர்கள் நிறைய.

டம்ப் பாதி படித்துவிட்டேன். தேர்வு அடுத்த வாரம். இப்போது என்ன செய்வது?

தேதியைத் தள்ளிவையுங்கள். பதிவில் காட்டியிருக்கும் கெடுவுக்குள் செய்தால் பணம் போகாது. கோப்பை அழித்துவிடுங்கள், குழுவிலிருந்து வெளியேறுங்கள்.

படித்ததை மறக்க முடியாதே என்பீர்கள். முடியாது. ஆனால் விடையை மட்டும் மனப்பாடம் செய்த ஒவ்வொரு தலைப்பையும் பாக்கெட் டிரேசரில் கட்டிப் பார்க்கலாம். மேலே இருக்கும் ரூட்டிங் அட்டவணையிலிருந்து ஆரம்பியுங்கள். அந்த நான்கு வழிகளும் அட்டவணையில் ஏறும்படி ரூட்டர்களை அமைத்து, 130-க்கும் 200-க்கும் பிங் அனுப்பி, பாக்கெட் எந்தக் கம்பியில் போகிறது என்று சிமுலேஷன் முறையில் ஒவ்வோர் அடியாகப் பாருங்கள். பிறகு 192-க்கு அனுப்புங்கள், அது எங்கே போகும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டு.